அறுபத்திரண்டாம் தட்டு

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன இது?" என்று கேட்டார். பழைய கிராமபோன் தட்டுகளைச் சுழற்றும் கருவி என்றேன். "தட்டுகள் எங்கே?" என்றார். "அவை உங்கள் நாட்டில்தான் இருக்கின்றன. தேடித்தான் வந்திருக்கிறேன்" என்றதும் சிரித்து, பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார். எங்கள் ஊர் சுங்கமாக இருந்தால் இதற்குள் நாலு பேர் கூடியிருப்பார்கள்.

தட்டைத் தேடி வந்தேன் என்பது பாதி உண்மைதான். நான் தேடி வந்தது ஒரு மூச்சை.

என் அம்மா கோமளா பதினேழு வயதில் சென்னையில் ஒரு சினிமாப் பாட்டுப் பாடினாள். அவள் பேரில் வந்தது அந்த ஒரே பாட்டுதான். சரணத்தில் மூன்றாவது வரி மேலே ஏறும் இடத்தில், ‘கண்ணீரோடு’ என்ற சொல்லை இரண்டாக உடைத்து நடுவில் சின்னதாக மூச்சு வாங்குவாள். கேட்டவர்கள் அந்த இடத்தில்தான் சொக்கிப் போனார்கள். ஆனால் அதே மெட்டில் ஒரு இந்திப் பாட்டு அதற்கு முன்பே வந்திருந்தது. அதிலும் அதே இடத்தில் அதே மூச்சு. ‘பாட்டை மட்டுமல்ல, பம்பாய்ப் பாடகி விட்ட மூச்சைக்கூட விடாமல் திருடியிருக்கிறார் இந்தப் பெண்’ என்று ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. கல்யாணம் ஆயிற்று, நான் பிறந்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பாட்டும் பாடலாம், அதைத் தவிர.

எனக்கு வலித்தது பத்திரிகைக்காரன் எழுதியதல்ல. போன வருடம் அம்மா தானாகவே சொன்னது. "ரேடியோவில் கேட்டது எனக்கே தெரியாமல் காதில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்னமோ. திருடித்தான் இருப்பேன் போலிருக்கு." எண்பத்து நாலு வயதில் அவள் தன் மூச்சையே சந்தேகப்படுகிறாள். நான் ஓய்வு பெற்ற நூலகர். எந்தப் பதிப்பு முந்தியது என்று பார்ப்பது என் தொழில். அம்மாவுக்காக அதைச் செய்யாவிட்டால் அந்தத் தொழில் என்னத்துக்கு?

படம் வெளியான தேதியை வைத்துப் பார்த்தால் அம்மா தோற்றுவிடுவாள். தமிழ்ப் படம் பாதியில் நின்று, ஆள் மாறி, மெதுவாகத்தான் வெளியே வந்தது. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் தேதியே கிடையாது. நம்பக்கூடியது தட்டின் நடுவில், பள்ளங்கள் முடிந்து காகிதம் ஒட்டியிருக்கும் இடத்துக்கு முன்னால், கரும்பரப்பில் பதிந்திருக்கும் வார்ப்பு எண்தான். தட்டு வெட்டிய வரிசைப்படி கம்பெனி போட்டது அது. விற்பனை எண் வேறு. அதைத் தொகுப்பாக ஒதுக்குவார்கள், முன்பின்னாக வரும். வார்ப்பு எண் அப்படி ஏமாற்றாது. ஆனால் சென்னைக்கு ஒரு வரிசை, பம்பாய்க்கு வேறு வரிசை. ஒன்றோடு ஒன்றை நேரடியாக ஒப்பிட முடியாது. அம்மாவின் தமிழ்த் தட்டும் அதே மெட்டின் தெலுங்குத் தட்டும் அடுத்தடுத்த எண்கள் என்று முன்பே கண்டுபிடித்திருந்தேன். கம்பெனியின் மாதப் பட்டியல்படி இரண்டுமே இந்திக்குப் பிந்தியவை. அதோடு நின்றுபோயிருந்தேன்.

அப்போதுதான் இணையத்தில் பழைய தட்டு சேகரிப்பவர்களின் குழுவில் ஒரு படம் வந்தது. மன்னாரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கொப்பியில், அதாவது நோட்டுப் புத்தகத்தில், இடது பக்கம். வாங்கிய வரிசையில் எண் போட்டிருந்தார். 62: சிங்களம். 71: இந்தி, 62இன் மெட்டு. 88: தமிழ், 62இன் மெட்டு. 88க்கு நேரே எழுதியிருந்தது அம்மாவின் பாட்டு. படத்தைப் போட்டவர் அவருடைய பேரன், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்.

அதாவது இந்திக்கும் முன்னால் சிங்களத்தில் ஒன்று! அம்மா ஒருத்தியிடம் அல்ல, இரண்டு பேரிடம் திருடினாள் என்று ஆகிவிடுமோ? போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். "போய்ப் பார்த்துட்டு வா. எதுவானாலும் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்றாள் அம்மா.

முதல் நாள் பஸ். நடத்துநர் என் கருவிப் பெட்டியை வாங்கிப் பின்னால் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி, கருவாட்டு மூட்டைக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவில் செருகினார். மதவாச்சி தாண்டி என்ஜினில் ஒரு பட்டை அறுந்தது. எல்லோரும் இறங்கி நிழல் தேடி உட்கார்ந்தோம். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பக்கம் இதற்கென்றே ஒருவர் எல்லா பஸ்ஸிலும் ஏறியிருப்பார். பக்கத்தில் இருந்த இரண்டு சிங்களப் பெண்கள் என்னைக் காட்டி ஏதோ பேசினார்கள். என்ன என்று இன்னொருவரைக் கேட்டேன். "இந்தியாவில இருந்து தைக்கிற மெசின் கொண்டு வந்திருக்கிறா, பாவம், இங்க அது மலிவு எண்டு சொல்லுதுகள்" என்றார்.

கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் நுழைந்ததும் ஐந்தாறு கழுதைகள் சாலை நடுவில் நின்றன. ஓட்டுநர் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார். ராமேஸ்வரத்தில் நின்றால் கூப்பிடு தூரம் போல இருக்கும் இடத்துக்குக் கொழும்பு சுற்றி வந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் தட்டுகள்கூட நேராகக் கப்பலில் வந்து தலைமன்னார் இறங்கியிருக்கின்றன.

பேரன் முகவரி கொடுத்திருந்த நஜீமா ராத்தா வாசலிலேயே நின்றார். ராத்தா என்றால் அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. அறுபத்தைந்து வயது இருக்கும். ஒலிபெருக்கிக்காரரின் மகள். கருவிப் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "பஸ்ஸில கருவாட்டோட வந்தனீங்களோ? வாங்கோ, முகம் கழுவிட்டுச் சாப்பிடுங்கோ. தட்டு எங்கயும் ஓடிப் போகாது" என்றார். இடியப்பம், சொதி, நண்டுக் கறி. நண்டை நான் கொறித்துக் கொறித்துத் தின்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே உடைத்து உடைத்துத் தட்டில் வைத்தார். முன்பின் தெரியாத ஒருத்திக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் பாட்டு, மூச்சு, பத்திரிகை, எல்லாம். ராத்தா கேட்டுவிட்டு, "அப்ப அந்த சிங்களத் தட்டில என்ன இருக்குதோ அதுதான் தீர்ப்பு" என்றார். தட்டுகள் அவரிடம் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு போரில், இங்குள்ள முஸ்லிம்கள் எல்லோரையும் போராளிகள் ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னபோது எடுத்துப்போக விட்டது கொஞ்சம்தான். அவருடைய அப்பா, அவர் சொல்லும் வாப்பா, கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டார். தட்டுப் பெட்டியைப் பேசாலையில் இருந்த மரியநாயகம் என்ற மீனவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வாப்பா புத்தளத்தில் மௌத்தானார், ஊர் திரும்பாமலே இறந்துபோனார். ராத்தா திரும்பி வந்தபோது மரியநாயகம் பெட்டியைத் தர வந்தார். "வீட்டுக் கூரை ஒழுகுது, உங்களிட்டயே இருக்கட்டும் எண்டு சொன்னன். பிறகு அது அங்கயே நிண்டுட்டுது."

மறுநாள் ஆட்டோவில் பேசாலைக்குப் போனோம். மரியநாயகம் அண்ணன் வலையை ஒதுக்கிவிட்டு எங்களுக்கு நாற்காலி போட்டார். பெரிய கை, சின்னக் குரல். தகர டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தார்.

"நாங்களும் ஒருக்கா ஓடினனாங்கள் தங்கச்சி. அந்த நேரம் குசினிக்குள்ள மண்ணைக் கிண்டித் தாட்டுப்போட்டுத்தான் போனது. நானா சொல்லி விட்டவர், படுக்க வைக்காத, நிக்க வை எண்டு. அப்பிடியே நிக்க வைச்சுத்தான் தாட்டனான்."

நானா என்றது ராத்தாவின் வாப்பாவை. அவர் சொன்னது முழுக்கச் சரி. அரக்கில் செய்த தட்டுகளை அடுக்கிப் படுக்க வைத்தால் வளையும், விரிசல் விடும். குண்டு விழும் நேரத்தில் ஒரு மனிதர் அடுத்தவர் தட்டுகளைத் தன் சமையலறையில் நிற்க வைத்துப் புதைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கியது. நான் மூக்கைச் சிந்துவதாகக் காட்டிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. எந்தத் தட்டிலும் கம்பெனி காகிதம் தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் வாப்பா தன் காகிதத்தை ஒட்டி எண் எழுதியிருந்தார். ராத்தா சிரித்தார். "டவுனில இன்னொரு ஒலிபெருக்கிக்காரர் இருந்தவர். கலியாண வீட்டில நல்ல பாட்டு ஒண்டு போட்டா, ஓடி வந்து தட்டைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு அதே தட்டை அனுப்பச் சொல்லிக் கொழும்புக்குக் கடிதம் போட்டிடுவார். அதுக்குத்தான் வாப்பா மூடி ஒட்டினது. காகிதத்துக் கரையில குத்தியிருக்கிற எண்ணையும் விடேல்ல. மெழுகு ஊத்தி அடைச்சவர்."

பார்த்தேன். உண்மைதான். வார்ப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாத் தட்டிலும் மெழுகு.

"கோயில்ல எரிஞ்சு முடிஞ்ச மெழுகுதிரிக் கட்டை. நான்தான் பொறுக்கிக் கொண்டுபோய்க் குடுக்கிறனான்" என்றார் மரியநாயகம் அண்ணன், கொஞ்சம் பெருமையாக.

கோதுமை மாப் பசையில் ஒட்டிய காகிதம் என்பதால் பூச்சி பல எண்களைத் தின்றிருந்தது. எண் தெரிந்த தட்டுகளில் 62 இல்லை. எண் போனவை பதினொன்று. வாப்பா ஒட்டியதைப் பதினொன்றிலும் உரிக்க ராத்தாவுக்கு மனமில்லை. போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இன்றைய இசைத்தட்டு ஊசி இந்தப் பழைய பள்ளத்துக்குச் சிறியது; அடியில் கிடந்து தூசியைத்தான் கீறும். அகலமான ஊசி கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொரு தட்டையும் ஈரத் துணியால் துடைத்து வைத்தேன். முதலாவது, மிமிக்ரி. இரண்டாவது, நாகஸ்வரம். மூன்றாவதில் ஒரு பெரிய விரிசல், கடிகாரம் மாதிரி டக் டக் என்றது. அண்ணனின் மனைவி பாலில்லாத பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். தெருவில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். ஏழாவது தட்டில் முன்னிசை துவங்கியதுமே கருவியின் பக்கம் குனிந்தேன். அதே மெட்டு.

பிறகு குரல் வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், தெரியாத மொழியில், ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்து நடக்கிற மாதிரி.

அது அம்மா.

உடனே நான் என்னையே நம்பவில்லை. ஆசை காதைக் கெடுக்கும். நூலகர் புத்தி குறுக்கே வந்து, வேகம் சரியா, சுருதி சரியா என்று கேட்டது. சுழலும் வேகம் கொஞ்சம் கூடினாலே எந்தக் குரலும் சின்னப் பெண்ணாகிவிடும். வேகத்தைச் சரிபார்த்து மறுபடி போட்டேன். மூன்றாவது வரி. மேலே ஏறுமுன் அந்த மூச்சு. ராத்தா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். புத்தளத்தில் இருந்த காலத்தில் அவர் சிங்களம் நன்றாகப் பழகியிருந்தார்.

"இது பிழையில்லை தங்கச்சி. ‘கரைக்கு வா’ எண்டு ஒரு வசனம் முடியுது. ‘படகு காத்திருக்கு’ எண்டு அடுத்தது துவங்குது. நடுவில மூச்சு விடத்தானே வேணும்?"

தமிழில் அந்த மூச்சு ‘கண்ணீரோடு’ என்ற சொல்லை உடைக்கிறது. இந்தியிலும் ஒரு சொல்லின் நடுவில்தான் விழுகிறது. இரண்டு மொழியிலும் அதற்குக் காரணமே இல்லை. சிங்களத்தில் மட்டும்தான் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கிழிந்த பக்கத்தைப் பொருத்திப் பார்ப்பது போல, மூச்சு எந்த வரியிலிருந்து புறப்பட்டது என்று தெரிந்துவிட்டது.

ஆனால் இதைச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். எண் வேண்டும். அண்ணன் உள்ளே போய் ஒரு போத்தல் ஸ்பிரிட்டோடு வந்தார். "இதைப் போட்டா மெழுகு ஒரு நொடியில போயிடும்." ஐயோ என்று கத்தியே விட்டேன். அரக்கை ஸ்பிரிட் கரைத்துவிடும். எண்ணும் போகும், பாட்டும் போகும். சுடுநீரும் கூடாது, தட்டு இளகி வளைந்துவிடும். எல்லோரும் மெழுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"சூடு கூடாதெண்டா குளிர் காட்டலாமே?" என்றார் அண்ணனின் மனைவி. பக்கத்து மீன் வாடிக் கொட்டகையிலிருந்து ஒரு துண்டு ஐஸ் வந்தது. அதைப் பாலிதீன் பையில் சுற்றி, மெழுகின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தேன். தட்டு முழுக்கக் குளிர்ந்தால் அதுவும் உடையும். மெழுகு வெளுத்து இறுகியதும் அண்ணன் ஈர்க்குக் குச்சியால் மெல்லத் தட்டினார். வலைக் கண்ணைப் பிரித்துப் பழகிய விரல். செதில் செதிலாக விழுந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

சென்னை வரிசை! அந்தக் காலத்தில் பல சிங்களப் படங்களைச் சென்னையில்தான் எடுத்தார்கள். அம்மாவின் தமிழ்த் தட்டை விட முந்நூற்றுச் சொச்சம் குறைந்த எண். என் குறிப்பேட்டை எடுத்தேன். அந்தச் சில வருடங்களின் சென்னைத் தட்டுகள் எவை, அவை கம்பெனியின் மாதப் பட்டியலில் எப்போது வந்தன என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். இந்த எண்ணுக்குச் சற்றுப் பின்னால் இருந்த தட்டுகளே இந்திப் பாட்டு பட்டியலில் வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு கடைக்கு வந்துவிட்டன. பம்பாய்க்காரர்கள் எப்போது பாடிப் பதிந்தார்கள் என்பதற்கு என்னிடம் சான்று கிடையாது. மெட்டு எப்படி அங்கே போனது என்றும் தெரியாது. ஆனால் எண்ணும் மூச்சும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. எனக்கு அது போதும்.

ராத்தா வாப்பாவின் காகிதத்தை ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உரித்தார். அடியில் கம்பெனி காகிதம் பளிச்சென்று இருந்தது. பாடியவர் என்ற இடத்தில் படத்தின் கதாநாயகி பெயர். அந்தக் காலத்தில் பல தட்டுகளில் அப்படித்தான் போட்டார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "இதைக் கேளும்மா" என்று மட்டும் சொல்லி ஊசியை வைத்தேன். தட்டு முடிந்து ஊசி கரகரத்தது.

"அழிச்சுடுவோம்னு சொன்னாங்களே" என்றாள் அம்மா.

"எதை?"

"இதைத்தான். சிலோன் பாடகிக்குக் காய்ச்சல், கப்பல் ஏறலை. செட்டு போட்டு வச்சிருக்கு, படம் பிடிக்கிற அளவுக்கு நீ பாடு, அவங்க வந்து மறுபடி பாடுவாங்கன்னாங்க. தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்தாங்க. எங்க மூச்சு விடணும்னு கோடுகூடப் போட்டிருந்தது. பாடிட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு அதே மெட்டுல தமிழ்ப் பாட்டு வந்தப்ப மூச்சு தானா அங்க போயிருக்கு, இப்பக் கேக்கும்போதுதான் தெரியுது."

"இதை ஏம்மா யாருக்கும் சொல்லலை?"

"அழிச்சதைப் பத்தி என்ன சொல்றது? போகப்போக, பாடினதே நிஜமா கனவான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே." பிறகு, "அப்ப நான் திருடலை" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. போனை ராத்தா பக்கம் நீட்டினேன். "இல்லை உம்மா, நீங்க திருடேல்ல" என்று ராத்தாதான் போனுக்குள் சொன்னார்.

பிறகு அவர் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து என் மடியில் விரித்தார். இணையத்தில் பேரன் போட்டிருந்தது இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தில் வாப்பா ஒவ்வொரு தட்டுக்கும் குறிப்பு எழுதியிருந்தார், எங்கே போட்டது, கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று. 62க்கு நேரே இருந்ததை ராத்தா போனில் உரக்க வாசித்தார்.

"‘தலைமன்னாரில் கப்பல் வந்து நிற்கும் பாலத்தில் போட்டது. ரயில் கந்தோரில் வேலை செய்யும் சிங்கள ஆட்கள் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்து, பாடினது தமிழ்ப் பிள்ளை என்றார்கள். நல்ல குரல். பெயர் தெரியாது.’"

அம்மா இப்போதுதான் அழுதாள்.

ராத்தா என் பேனாவை வாங்கினார். வாப்பாவின் கொப்பியில் அவர் மௌத்தான பிறகு யாரும் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை என்று நேற்று சொல்லியிருந்தார். ‘பெயர் தெரியாது’ என்பதை ஒரே கோட்டால் அடித்தார். "சரியா எழுத வேணும், சொல்லுங்கோ உம்மா" என்றார்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சேரும் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "கோ. ம. ளா."